ஒரு விதையை எடுத்த பிறகு: கண்காணிப்பா, ஒரு சுற்றுக் கீமோவா, வயிற்று அறுவையா?

விதைப் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையில் தேர்வுக்கு இடமில்லை. தொடை இடுக்கில் கீறி, விதையை அதன் நாளத்தோடு முழுதாக வெளியே எடுப்பார்கள். விதைப்பையைக் கீறி எடுப்பதில்லை. அப்படிச் செய்தால் நோய் பரவும் வழியே மாறிவிடும். தேர்வு வருவது அதற்குப் பின்னால். எடுத்த விதையைப் பரிசோதித்த அறிக்கை வந்து, வயிறு, நெஞ்சு சி.டி. ஸ்கேன் சுத்தமாக இருந்து, புற்று இருப்பதைக் காட்டும் இரத்தக் குறியீடுகளும் இயல்புக்கு இறங்கிவிட்டால் அது முதல் நிலை. புற்று, இதன் இரு பெரும் வகைகளில் ஒன்றான ‘செமினோமா அல்லாத’ வகை என்றால், முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. எதுவும் கொடுக்காமல் நெருக்கமாகக் கண்காணிப்பது ஒன்று. பி.இ.பி. என்னும் கீமோவை ஒரே ஒரு சுற்று கொடுப்பது இரண்டாவது. வயிற்றின் பின்புறம் இருக்கும் நிணநீர்க் கணுக்களை அறுவையில் எடுத்துவிடுவது மூன்றாவது.

எந்த வழியில் போனாலும் உயிர் பிழைப்போர் ஏறக்குறைய 98, 99 விழுக்காடு. ஆகவே ‘எது உயிரைக் காப்பாற்றும்?’ என்ற கேள்வி இங்கே எதையும் தீர்மானிக்காது. குழந்தை, தாம்பத்தியம், வேலை, ஊர்ப் பயணம் என்று மற்றவைதான் தீர்மானிக்கின்றன. மும்பை மருத்துவரின் பத்து நிமிட ஓ.பி.யில் இவற்றில் பாதி பேசப்படுவதே இல்லை. நோயாளியின் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் நிற்கும்போது, விந்து வெளியேறுமா என்று இந்தியில் கேட்க எந்தப் பையனுக்கும் நா எழாது.

மும்பையில் நடக்கக்கூடிய ஒரு நிலையை வைத்துப் பார்ப்போம். வயது 29, திருமணமாகி ஒரு வருடம், வீடு ஆன்டாப் ஹில், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இடது விதையில் கட்டி. அறுவைக்கு முன், இரத்தக் குறியீடுகளில் ஒன்றான ஏ.எஃப்.பி. அளவு 210. அறிக்கையில் ‘எம்பிரியோனல் கார்சினோமா’ என்னும் புற்றணு வகை மிகுதி என்றும், கட்டிக்குள் இருக்கும் இரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ புற்றணு நுழைந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. இந்தக் கடைசி வரிதான் அறிக்கையில் முதலில் தேட வேண்டியது. குழாய்க்குள் புற்றணு இல்லையென்றால், கண்காணிப்பில் இருக்கும்போது நோய் திரும்பும் வாய்ப்பு சுமார் 15 விழுக்காடு. இருந்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

முதலில் உறைய வைத்தல்

மூன்று வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. விந்தை உறைய வைப்பதுதான் அது. கீமோவுக்கு முன்னால் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விதையை எடுக்கும் அறுவைக்கே முன்னால் வைப்பதுதான் சரி. காரணம் எளிது. இந்த நோய் வருபவர்களில் சுமார் பாதிப் பேருக்கு, நோய் கண்டுபிடிக்கும்போதே விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கிறது. சிலருக்கு மற்ற விதை பெயருக்குத்தான் இருக்கும். இருந்த கொஞ்சநஞ்ச விந்தணுவும் கட்டி வந்த விதையிலிருந்து வந்ததாக இருக்கலாம். அதை எடுத்த மறுநாளிலிருந்து எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டால், பிறகு உறைய வைக்க ஒன்றும் இருக்காது.

இரண்டு அல்லது மூன்று மாதிரிகள் கொடுப்பது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் முன் இரண்டு, மூன்று நாள் உறவோ சுயஇன்பமோ வேண்டாம். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பெரும்பாலோருக்கு அறுவை அவ்வளவு நாள் காத்திருக்கும். ஆணுறையில் பிடித்த மாதிரி, எண்ணெயோ உமிழ்நீரோ பட்ட மாதிரி செல்லாது; அவை விந்தணுவைக் கொன்றுவிடும். வீட்டில் எடுத்து ரயிலில் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டிலேயே சேர்க்க வேண்டும் என்பது விதி. மும்பையின் காலை நெரிசலில் அது சூதாட்டம். மையத்தில் இருக்கும் அறையிலேயே கொடுப்பது மேல். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்துக்கு அந்த அறை வசதியாகவே இருக்கும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனைகளை முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தால் ஒரு நாள் மிச்சம். மையம், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான தேசிய ஏ.ஆர்.டி. பதிவேட்டில் பதிவானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் உதாரணத்துக்காரர் கொடுத்த மாதிரியின் அளவு 2 மில்லி, மில்லிக்கு 60 லட்சம் விந்தணு, அசைவு 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில், இயல்புக்குக் கீழ் வரம்பு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். தாளைப் பார்த்ததும் ‘இது தேறாது’ என்று தோன்றும். கணக்கைப் போடுங்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம். அதில் அசைபவை 30 லட்சம். உறைந்து உருகும்போது பாதி போய்விடும் என்று கொண்டாலும் 15 லட்சம் மிஞ்சும். இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணுவைத்தான் ஊசியால் உள்ளே வைக்கிறார்கள். ஆக, நான்கு குப்பிகளாகப் பிரித்து வைத்தால் பல முயற்சிகளுக்குப் போதும். குறைவு என்பதற்காக உறைய வைக்காமல் விடுவதுதான் பெரிய இழப்பு.

ஆனால் இதில் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இப்படிப்பட்ட மாதிரியை வைத்துக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் எளிய முறை பெரும்பாலும் பலிக்காது, இக்சிதான் வழி. இக்சி என்றால் மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தினசரி ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சிலருக்கு வயிறு வீக்கம். ‘உறைய வைத்தாயிற்று, கவலை இல்லை’ என்று கணவன் சொல்லும்போது, அந்தக் கவலை மனைவியின் உடம்புக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதனால்தான் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பை எந்த வழி அதிகம் காக்கிறது என்று பார்ப்பது இன்னும் முக்கியமாகவே இருக்கிறது. முடிவெடுக்கும் பேச்சில் மனைவியும் உட்கார வேண்டும்.

மாதிரியில் ஒரு விந்தணுகூட இல்லையென்றால், எடுத்த விதையிலிருந்தே நல்ல திசுவைத் தேடி விந்தணு எடுக்க முடியும். அதற்கு அறுவையன்றே கருவியல் நிபுணர் தயாராக இருக்க வேண்டும். முதல் நாளே ஏற்பாடு செய்யாவிட்டால், விதை ஃபார்மலினில் விழுந்ததும் அந்தக் கதவு மூடிவிடும்.

கண்காணிப்பும் கீமோவும்: மருந்தின் கணக்கு

பி.இ.பி.யில் மூன்று மருந்துகள். விந்து உற்பத்தியை அதிகம் தாக்குவது சிஸ்பிளாட்டின். ஒரு சுற்று 21 நாள். அதில் முதல் ஐந்து நாளும் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 20 மி.கி. என, மொத்தம் 100 மி.கி. ஏறும். விந்தணு உற்பத்தி நிரந்தரமாக நின்றுபோகும் அபாயம் கூடுவது, இந்த மொத்தம் சதுர மீட்டருக்கு 400ஐத் தாண்டும்போது. அதற்குக் கீழே பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது, ஆனால் மெதுவாக. பல சுற்று எடுத்தவர்களில் இரண்டு ஆண்டில் சுமார் பாதிப் பேருக்கும், ஐந்து ஆண்டில் சுமார் 80 விழுக்காட்டினருக்கும் உற்பத்தி திரும்பியதாக 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. ஒரே சுற்றோடு நிறுத்தியவர்களில் நீண்ட காலப் பாதிப்பு பெரிதாக எதுவும் தெரியவில்லை என்று ஸ்வீடனில் பார்த்திருக்கிறார்கள்.

இனிக் கண்காணிப்பைப் பாருங்கள். அதில் இன்றைக்கு மருந்து பூஜ்யம். ஆனால் நோய் திரும்பினால் பொதுவாக மூன்று சுற்று, அதாவது 300. குழாய்க்குள் புற்றணு இல்லாதவருக்கு 15 விழுக்காடு வாய்ப்பு என்பதால், நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 45. கீமோ வழியில் எல்லோருக்கும் நிச்சயமாக 100. இவருக்குக் கண்காணிப்பே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழாய்க்குள் புற்றணு உள்ளவருக்குக் கணக்கு தலைகீழ். பாதி வாய்ப்பு, 300, சராசரி 150. ஒரு சுற்றுக் கீமோவுக்குப் பிறகு நோய் திரும்புவது 2, 3 விழுக்காடுதான் என்பதால், அங்கே 100 ஏறக்குறைய 100 ஆகவே நிற்கும்.

சராசரி என்பது நூறு பேருக்கு. உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது பூஜ்யமாகவோ 300 ஆகவோதான் முடியும், 150 ஆக ஒருபோதும் முடியாது. பாதிப் பேர் எந்த மருந்தும் இல்லாமலே தப்பிவிடுகிறார்கள் என்பதால், அபாயம் கூடியவர்களுக்கும் கண்காணிப்பைச் சொல்லும் மருத்துவர்கள் நிறைய. அது தவறல்ல. ஆனால் திரும்பும் அந்தக் கிளையில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. மூன்று சுற்றுக்குப் பிறகும் வயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கட்டி மிஞ்சினால் அதை அறுவையில் எடுத்தாக வேண்டும். கீமோ பட்ட திசு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதில் நரம்பைப் பிரித்துக் காப்பது கடினம். விந்து வெளியேற்றம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. எல்லோருக்கும் கட்டி மிஞ்சாது. ஆனாலும் கண்காணிப்பில் ‘ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் போகாது’ என்று எண்ணுவது அரைக் கணக்கு.

நோய் திரும்பிய பிறகு மருந்துத் திட்டத்திலும் ஒரு தேர்வு வரும். பி.இ.பி.யில் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசினை விட்டுவிட்டு, மற்ற இரண்டு மருந்தையும் நான்கு சுற்றாகக் கொடுப்பதுண்டு. நான்கு சுற்று என்றால் சிஸ்பிளாட்டின் 400ஐத் தொடும். நுரையீரல் நன்றாக இருக்கிறது, குழந்தை வேண்டும் என்றால் மூன்று சுற்றுப் பி.இ.பி. முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2005-இல் வெளியான நார்வே ஆய்வு நல்ல சான்று. சிகிச்சைக்குப் பின் குழந்தைக்கு முயன்ற ஆண்களில், உறைய வைத்த விந்தைப் பயன்படுத்தாமலே 15 ஆண்டுக்குள் தந்தையானவர்கள் 71 விழுக்காடு. விதையை மட்டும் எடுத்துக் கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 92. மொத்தம் 850 மி.கி.க்கு மேல் சிஸ்பிளாட்டின் ஏறியவர்களில் 48. நம் உதாரணத்துக்காரரின் உடல் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்றால், ஒரு சுற்றில் 180 மி.கி., மூன்று சுற்றில் 540. இரண்டுமே அந்த 850க்குக் கீழ்.

அளவுக்கு அடுத்தது நாள்காட்டி. கீமோ எடுத்தால் சுமார் 12 மாதம் கருத்தடை வேண்டும். மருந்து பட்ட விந்தணுவால் கரு உருவாகக் கூடாது என்பதற்காக. மருந்து ஏறும் நாட்களிலும் அடுத்த சில நாட்களிலும் ஆணுறை கட்டாயம். கண்காணிப்பில் இருப்பவருக்கு அப்படிக் காத்திருப்பு இல்லை. அறுவைப் புண் ஆறியதும் முயலலாம். ஆனால் குழாய்க்குள் புற்றணு உள்ளவருக்கு, நோய் திரும்பினால் அது பெரும்பாலும் முதல் வருடத்துக்குள்ளேயே, பாதிப் பேருக்கு முதல் நான்கைந்து மாதத்திலேயே திரும்புகிறது. மனைவி மூன்று மாதக் கர்ப்பம், கணவன் கீமோ வார்டில் என்ற நிலை வரலாம். ஆள் பலம் உள்ள வீட்டில் சமாளித்துவிடுவார்கள்; மும்பையில் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் கஷ்டம். மாமியார் ‘எப்போ நல்ல சேதி?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாலும், இவருக்கு முதல் ஆறேழு மாதம் தள்ளிப்போடுவது புத்தி.

கண்காணிப்பு நடைமுறையில் தோற்பது உடம்பால் அல்ல, பயணத்தால். முதல் வருடம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரத்தக் குறியீடு, சில மாதத்துக்கு ஒருமுறை சி.டி. என்று ஓடும். சித்திரையில் ஊருக்குப் போனவர், கொடை முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று இரண்டு மாதம் தங்கிவிட்டால் ஒரு சோதனை விட்டுப்போகும். ஊரில் இருந்தால் திருநெல்வேலியில் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். ஏ.எஃப்.பி. 4 இருந்தது 7 ஆனதும் வீடே கலங்கும். முடிந்தவரை ஒரே ஆய்வகம். கப்பல் வேலைக்காரருக்கோ, ஆறு மாதம் வளைகுடா ஒப்பந்தத்தில் போகிறவருக்கோ கண்காணிப்பு சரிவராது. அவருக்கு ஒரு சுற்றுக் கீமோவை முடித்துவிட்டுக் கிளம்புவது பாதுகாப்பு.

இன்னொன்று, முடிவெடுக்க அவசரம் வேண்டாம். ஏ.எஃப்.பி. பாதியாகக் குறைய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். 210 என்பது 105, 52, 26, 13 என இறங்கி 7-க்கு வர ஐந்து வாரம் வரை பிடிக்கும். அது இயல்புக்கு வந்தால்தான் முதல் நிலை என்றே சொல்ல முடியும். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ எங்கோ நோய் மிச்சம் இருக்கிறது. அப்போது இந்த மூன்று வழிப் பேச்சே இல்லை, முழுக் கீமோதான். இந்த ஐந்து வாரத்தில் இன்னும் ஒன்றிரண்டு மாதிரி உறைய வைத்துக்கொள்ளலாம். மிஞ்சிய விதை இன்னும் கீமோ படாமல் இருக்கும் காலம் அது.

வயிற்று அறுவையும் வறண்ட உச்சமும்

மூன்றாவது வழி விந்தணு உற்பத்தியைத் தொடுவதே இல்லை. மருந்து இல்லை, ஒரு வருடக் காத்திருப்பு இல்லை. அது தொடுவது வேறொன்றை.

உச்சம் அடையும்போது விந்துப்பையும் புரோஸ்டேட்டும் சுருங்கி விந்தைச் சிறுநீர்க் குழாய்க்குள் தள்ள வேண்டும். அதே நொடியில் சிறுநீர்ப்பையின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஆட்டிவைப்பவை, இடுப்பு முதுகெலும்பின் இருபுறமும் இறங்கி மகாதமனியின் முன்னால் பின்னிக்கொள்ளும் மெல்லிய பரிவு நரம்புகள். எடுக்க வேண்டிய கணுக்கள் அந்த நரம்புகளின் நடுவில்தான் இருக்கின்றன. நரம்பு அறுந்தால், விந்து வெளியே வராது. விறைப்பு போகாது; அதற்கான நரம்புகள் கீழே, இடுப்புக் குழியிலிருந்து வருகின்றன. உச்ச உணர்வும் இருக்கும், வறண்டு இருக்கும். ஆண்மை போய்விட்டது என்று ஆணும், தன்மேல் ஆசை போய்விட்டது என்று பெண்ணும் நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும் வீடுகள் உண்டு. இந்த ஒரு பத்தியை அறுவைக்கு முன்னால் இருவரிடமும் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

நரம்பைக் காத்துச் செய்யும் முறையில், கைதேர்ந்த அறுவையாளரிடம் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விந்து வெளியேற்றம் காக்கப்படுகிறது. கைதேர்ந்த என்பதுதான் இதில் எடை உள்ள சொல். ‘இந்த அறுவையை நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு விந்து வெளியேறுகிறது?’ என்று கேட்டால் நல்ல அறுவையாளர் கோபப்பட மாட்டார். பதில் விரல்விட்டு எண்ணும்படி இருந்தால், நோயாளிகள் குவியும் பெரிய புற்றுநோய் மையத்தில் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது. பரேலில் டாட்டா மெமோரியல் இருக்கும் ஊரில் அதற்கு ரயில் ஏற வேண்டியதில்லை, பேருந்து போதும்.

ஆனால் இந்த அறுவை எல்லோரையும் கீமோவிலிருந்து விடுவிப்பதில்லை. எடுத்த கணுவில் நோய் இருந்தால் அளவைப் பொறுத்துக் கீமோ வரலாம். கணு சுத்தமாக இருந்தும் நுரையீரலில் திரும்புபவர்கள் சுமார் பத்தில் ஒருவர். நம் உதாரணத்துக்காரருக்கு, குழாய்க்குள் புற்றணு இருப்பதால், அறுவையும் பட்டுக் கீமோவும் படும் வாய்ப்பு கணிசம். அவருக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன். கீமோ எடுக்க முடியாத உடல்நிலை உள்ளவர், விதையில் இருந்தது கீமோவுக்கு மசியாத டெரடோமா வகை உள்ளவர், இவர்களுக்கு இது முதலில் வரும்.

வறண்ட உச்சம் வந்துவிட்டால், விந்து சிறுநீர்க் குழாய்க்குள் தள்ளப்படவே இல்லையா, சிறுநீர்ப்பைக்குள் பின்வாங்கிப் போகிறதா என்று பார்ப்பது எளிது. சிறுநீர் கழித்துவிட்டு, உச்சம் அடைந்து, உடனே மறுபடி சிறுநீர் பிடித்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். அதில் விந்தணு தெரிந்தால் பின்வாங்கல். சிறுநீர்ப்பை வாயை இறுக்கும் மாத்திரை, உதாரணமாக இமிப்ரமின் 25 முதல் 50 மி.கி., சிலருக்கு வேலை செய்யும், மருத்துவர் எழுதித்தான். பலிக்காவிட்டால், சோடா உப்பால் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துவிட்டு, அதிலிருந்தே விந்தணுவைப் பிரித்தெடுக்கலாம். சிறுநீரிலும் இல்லையென்றால் விதையிலிருந்து ஊசி வழியாக எடுப்பது மிச்சம்.

மிஞ்சிய விதை

விதை ஒன்று போனதால் விந்தின் அளவு குறைந்து தெரியாது. விந்து நீரின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரோஸ்டேட்டிலும் சுரப்பது. மிஞ்சிய விதை ஆரோக்கியமாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோனையும் அதுவே ஈடுகட்டும். எல்லோருக்கும் அல்ல. மூன்று வழிகளிலும், கீமோ கூடக் கூட, ஒரு பகுதியினருக்கு இந்தச் சுரப்பு குறைகிறது. காலை விறைப்பு நின்றுபோவது, தாடி வளர்ச்சி மந்தமாவது, திடீர் வியர்வை, காரணமில்லாத அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். காலையில் விறைப்பு வருகிறது, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் சுரப்பைவிட மனக் கலக்கமே காரணமாக இருக்கும். அதற்கு மருந்து வேறு, பேச்சு வேறு.

சோதனையைக் காலை 11 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாளில் எடுக்க வேண்டும். மாலையில் எடுத்த ஒரே எண்ணை வைத்து யாரும் சிகிச்சை தொடங்கக் கூடாது. விதையைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான எல்.எச். அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரக்கும் கட்டி இருந்தவருக்கு அறுவைக்கு முந்தைய எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. அந்தச் சுரப்பே டெஸ்டோஸ்டிரோனைத் தூக்கிக் காட்டியிருக்கும். கட்டி போனதும் விழுவது போலத் தோன்றும்.

அளவு உண்மையிலேயே குறைவு, குழந்தையும் இன்னும் வேண்டும் என்றால், டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஜெல் எதையும் தொடக்கூடாது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விதையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும், மிஞ்சிய ஒரே விதையும் விந்தணு செய்வதை நிறுத்தும். சில மாதத்தில் எண்ணிக்கை பூஜ்யம். கீமோ தாங்கிய விதையை ஜிம்மில் கிடைத்த ஊசி முடக்குவது வயிற்றெரிச்சல். இந்த நிலையில் குளோமிஃபீன் மாத்திரை, எச்.சி.ஜி. ஊசி போன்ற மாற்று மருந்துகள் உண்டு. குழந்தைப்பேறு மருத்துவர் எச்.சி.ஜி. ஊசி எழுதினால், அதைப் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவித்தாக வேண்டும். கண்காணிப்பில் மாதாமாதம் பார்க்கும் குறியீட்டில் ஒன்று அதே எச்.சி.ஜி.தான். ஊசி போட்ட வாரம் இரத்தம் எடுத்தால், நோய் திரும்பியது போலவே அறிக்கை வரும். ஊசி இல்லாமலேகூட, எல்.எச். மிக உயர்ந்திருக்கும்போது சில ஆய்வகக் கருவிகள் அதை எச்.சி.ஜி. என்று கொஞ்சம் காட்டிவிடுவதுண்டு. எண் மெல்ல உயர்ந்து அங்கேயே நின்றால், மறுபடி கீமோவுக்கு ஓடுவதற்கு முன் இதையும் சோதிக்கச் சொல்லலாம்.

மிஞ்சிய விதையில் புதிதாகக் கட்டி வரும் வாய்ப்பு 15 ஆண்டில் சுமார் 2 விழுக்காடு. மாதம் ஒருமுறை, வெந்நீரில் குளித்த பிறகு, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் போதும். பின்புறம் நூல் சுருள் போல் தட்டுப்படுவது இயல்பு; கல் போல் தட்டுப்படுவதைத்தான் காட்ட வேண்டும்.

உறைய வைத்த குப்பிக்கு ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். முகவரி மாறினால் மையத்துக்குச் சொல்ல வேண்டும். கடிதம் பழைய வீட்டுக்குப் போய் குப்பி கலைக்கப்பட்டதாக அறிய வேண்டாம். ஒப்புதல் படிவத்தில், தனக்கு ஏதாவது ஆனால் குப்பியை யார் பயன்படுத்தலாம் என்ற இடத்தைக் காலியாக விடக்கூடாது. புற்றுநோயால் இறந்த ஒரு மணமாகாத இளைஞரின் உறைவிந்து யாருக்கு என்பது பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் இடையே வழக்காகி, 2024 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் அதைப் பெற்றோரிடம் கொடுக்கச் சொன்னது. அவர் சேமித்தது 2020-இல். மணமானவர் மனைவியின் பெயரை எழுதிவிடலாம். மணமாகாதவர், பயன்படுத்த வேண்டாம் என்றால் அப்படியே எழுதலாம்.